மெஷின் ஷாப் ஸ்கிராப்: விற்ற பணத்தை ஜாப்பில் வரவு வைப்பதா, ஓவர்ஹெட்டிலா?

கோவையில் ஒரு சி.என்.சி. பட்டறையின் காஸ்டிங் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. 2,000 பித்தளை புஷ் செய்து கொடுத்த ஒரு ஆர்டர் முடிந்து, ஜாப் கார்டை மூடிப் பார்த்தால் 61,300 ரூபாய் நஷ்டம் காட்டியது. அதே பார்ட்டி மறுபடி ஆர்டர் கேட்டு போன் செய்திருந்தார். முதலாளி, "இந்த ரேட்டுக்கு முடியாதுன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார். கோட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். மூலப்பொருள் விலையிலிருந்து சீவலின் மதிப்பைக் கழித்துத்தான் ரேட் கொடுத்திருந்தார்கள். புத்தகத்திலோ சீவல் விற்ற பணம் முழுவதும் 'இதர வருமானம்' என்ற லெட்ஜரில் போய் உட்கார்ந்திருந்தது. செலவெல்லாம் ஜாப்பில், வரவு மட்டும் வேறெங்கோ. உண்மையில் அந்த ஜாப்பில் 15,920 ரூபாய் லாபம்.

அந்த ஒரே ஜாப்பை வைத்து முழுக் கணக்கையும் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. பித்தளை விலை வாரத்துக்கு வாரம் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: குப்பையை நான்காகப் பிரியுங்கள்

பட்டறையில் எல்லாவற்றுக்கும் 'ஸ்கிராப்' என்று ஒரே பெயர். கணக்குக்கு அது போதாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் கணக்கில் வேறு இடத்துக்குப் போகிறது.

முதலாவது சீவல். டர்னிங், டிரில்லிங், போரிங்கில் வருவது. இதைத் தவிர்க்க முடியாது. டிராயிங்கைப் பார்த்தே எவ்வளவு வரும் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது பார் முடிவில் மிஞ்சும் எண்ட் பீஸ். சக் பிடிப்பதற்கு விட்ட நீளமும், அடுத்த பீஸுக்குப் போதாத நீளமும் சேர்ந்தது. இது கெட்டித் துண்டு என்பதால் சீவலைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். வேறு சின்ன ஜாப்புக்குப் பயன்படுமானால் இது ஸ்கிராப்பே இல்லை. பார் விலையில் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது ரிஜெக்ட் ஆன பீஸ். இதில் பொருள் மட்டுமில்லை, மெஷின் நேரமும் செத்துப்போயிருக்கிறது. அதனால் இதைச் சீவலோடு சேர்த்து எடை போட்டு மறந்துவிடக் கூடாது. நான்காவது காணாமல் போவது: கூலண்ட்டில் கலந்து போகிற பொடி, தரையில் மிதிபட்டுக் குப்பைக்குப் போவது. இதற்குக் காசு கிடையாது. ஆனாலும் கிலோ கணக்கில் இதற்கு ஒரு இடம் வேண்டும். இடம் கொடுக்காவிட்டால் திருட்டும் பொடியும் ஒன்றாகத் தெரியும்.

படி 2: எங்கே வரவு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

ஸ்கிராப் விற்ற பணத்தை வைக்க மூன்று இடங்கள் உண்டு. இதர வருமானமாக நேராக லாப நஷ்டக் கணக்கில் வைக்கலாம். ஓவர்ஹெட்டைக் குறைக்கலாம். அந்தந்த ஜாப்பின் பொருள் செலவைக் குறைக்கலாம்.

முதல் வழி சுலபம். ஸ்கிராப் மதிப்பு அற்பமாக இருக்கும் இடத்தில் அது போதும். ஆனால் பித்தளை, கன்மெட்டல், அலுமினியம், ஸ்டெயின்லெஸ் போன்றவற்றில் அது ஜாப் காஸ்டையே பொய்யாக்கிவிடும். மேலே சொன்ன கதை அதுதான்.

மற்ற இரண்டில் எதை எடுப்பது என்பதற்கு நான் பார்ப்பது இரண்டு கேள்விகள். இந்தச் சீவல் எந்த ஜாப்பிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? கோட்டேஷன் போடும்போது இந்தச் சீவலுக்காக விலையைக் கழித்தோமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் ஜாப்பில் வரவு. பல சின்ன ஜாப்களின் எம்.எஸ்., இ.என்.8, வார்ப்பிரும்புச் சீவல் எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து, கோட்டேஷனிலும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் ஓவர்ஹெட்டில் வரவு. பிரிக்க முடியாது, ஆனால் கோட்டேஷனில் கழித்திருக்கிறோம் என்ற நிலைதான் சிக்கல். அதற்குப் படி 3-இல் ஒரு வழி இருக்கிறது.

இந்த முடிவை உலோகவாரியாக ஒரு தாளில் எழுதி ஸ்டோரில் ஒட்டிவிடுங்கள். மாதக் கடைசியில் எந்த ஜாப் நஷ்டம் காட்டுகிறதோ அதற்கு வரவு வைக்கலாம் என்று ஆரம்பித்தால் அப்புறம் எந்த ஜாப் காஸ்டையும் நம்ப முடியாது.

பித்தளைப் பணத்தை ஓவர்ஹெட்டில் போட்டால் என்ன ஆகும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நம் ஜாப்பில் ஸ்கிராப் மதிப்பு 77,220 ரூபாய் (எப்படி வந்தது என்று கீழே வருகிறது). பட்டறையில் மாதம் 1,600 மெஷின் மணி ஓடுகிறது என்றால், இந்தப் பணம் மணிக்குச் சுமார் 48 ரூபாய் ஓவர்ஹெட்டைக் குறைக்கும். நம் புஷ் ஜாப் எடுத்துக்கொண்டது சுமார் 100 மணி. ஆக அதற்குத் திரும்பக் கிடைப்பது 4,800 ரூபாய் சொச்சம். மீதி 72,000-க்கு மேல், பித்தளையையே தொடாத இரும்பு ஜாப்களுக்குப் போய்விடும். இரும்பு ஜாப்கள் மலிவாகத் தெரியும், பித்தளை ஜாப் நஷ்டமாகத் தெரியும். அதை நம்பி ரேட் கொடுத்தால் இரும்பில் குறைத்துக் கேட்டு, பித்தளையில் ஆர்டரை இழப்போம்.

படி 3: எடை

மொத்தக் கணக்கும் எடையில்தான் நிற்கிறது. பார் எடைக்குக் கம்பிக் கடைக்காரர்கள் இரும்புக்குச் சொல்லும் வாய்ப்பாட்டைப் போலவே பித்தளைக்கும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். விட்டம் மில்லிமீட்டரில்:

```
இரும்பு:   கிலோ/மீட்டர் = விட்டம் × விட்டம் ÷ 162
பித்தளை:  கிலோ/மீட்டர் = விட்டம் × விட்டம் ÷ 150
```

நம் புஷ்ஷுக்கு 25 மி.மீ. உருண்டை பார், 3 மீட்டர் நீளம். மீட்டருக்கு 4.17 கிலோ, ஒரு பார் 12.5 கிலோ. ஒரு பீஸுக்கு வெட்டும் நீளம், பார்ட்டிங் டூல் தின்பதையும் சேர்த்து, 42 மி.மீ. ஒரு பாரில் 67 பீஸ் வரும், 186 மி.மீ. மிஞ்சும். 30 பார் இஷ்யூ செய்தார்கள். எடை மேடையில் 375.5 கிலோ. வந்தது 2,010 பீஸ். அதில் 10 ரிஜெக்ட், 2,000 நல்லது. ஒரு புஷ் முடிந்த நிலையில் 95 கிராம்.

இனி எங்கே என்ன போயிருக்க வேண்டும் என்று பாருங்கள். நல்ல பீஸ் 190 கிலோ. ரிஜெக்ட் 10 பீஸ், சுமார் 1 கிலோ. எண்ட் பீஸ் 30 துண்டு, சுமார் 23 கிலோ. மீதி 161 கிலோவும் சீவலாக வந்திருக்க வேண்டும். எண்ணெய் வடிந்தபின் எடை போட்டபோது வந்தது 157 கிலோ. ஏறக்குறைய நூற்றுக்கு 97.5. காணாமல் போனது 4 கிலோ சொச்சம்; இது இயல்பு.

இந்த 97.5-ஐ நான் மீட்பு விகிதம் என்று சொல்வேன். ஜாப் கார்டிலேயே இதற்கு ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். இந்த ஒரு எண் நிறையப் பேசும். வழக்கமாக 97 வரும் பித்தளை ஜாப் ஒன்றில் திடீரென்று 88 என்றால் மூன்றில் ஒன்று: இஷ்யூ எடை தப்பு, சீவல் பக்கத்துத் தொட்டியில் விழுந்திருக்கிறது, அல்லது சாயங்காலம் யாருடைய டிபன் பையோ கனமாகப் போயிருக்கிறது. 100-க்கு மேல் வந்தால் எண்ணெயோடு எடை போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் முந்தைய ஜாப்பின் சீவலைத் தொட்டியிலிருந்து காலி செய்யாமல் இதை ஓட்டியிருக்கிறார்கள்.

அதனால் ஜாப் மாறும்போது சிப் டிரேயைக் காலி செய்து, 'ஸ்கிராப் ரிட்டர்ன்' சீட்டில் ஜாப் நம்பர், உலோகம், கிலோ எழுதி ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். ஆபரேட்டர்கள் முனகுவார்கள். அரைமணி ஜாப்புக்கெல்லாம் இதைச் செய்யச் சொன்னால் அவர்கள் முனகுவதிலும் நியாயம் இருக்கிறது. சின்ன ஜாப்களுக்குக் கணக்கில் வரும் எடையையே எடுத்துக்கொள்ளலாம்: இஷ்யூ எடையிலிருந்து முடிந்த பீஸ், எண்ட் பீஸ், ரிஜெக்ட் எடைகளைக் கழித்து, மிஞ்சியதை மீட்பு விகிதத்தால் பெருக்கினால் போதும். தொட்டியில் கலந்து விழுந்தாலும் ஒவ்வொரு ஜாப்புக்கும் இப்படி ஒரு பங்கு கொடுத்துவிடலாம். மாதக் கடைசியில் தொட்டி மொத்தத்தையும் எடை போட்டு விகிதத்தைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். படி 2-இல் சிக்கல் என்று சொன்ன நிலைக்கு வழி இதுதான். ஆனால் ஒரே உலோகத்துக்குள் மட்டும்தான் இது செல்லும். பித்தளையும் இரும்பும் கலந்த தொட்டிக்குச் செல்லாது.

கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கிராப்காரர் டிரம்முக்குள் கையை விடுவதற்கு முன் காந்தத்தை விடுவார். அதில் நாலு இரும்புச் சுருள் ஒட்டி வந்தால் போதும், கிலோவுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் முகத்திலேயே கணக்கு ஓடும். நீங்களே முந்திக்கொண்டு காந்தத்தை ஓட்டிவிடுவது மேல்.

படி 4: எந்த விலைக்கு வரவு வைப்பது?

ஜாப் இன்று முடிகிறது. சீவல் டிரம் நிறைந்து, வண்டி வந்து, விற்பது அடுத்த மாதம். அதுவரை ஜாப்பைத் திறந்தே வைத்திருக்க முடியாது. ஆகவே சீவல் ஸ்டோருக்கு வரும் அன்றே ஒரு நிர்ணய விலையில் ஜாப்பில் வரவு வைத்துவிட வேண்டும். அந்த விலை கைக்கு வந்து சேரும் நிகர விலையாக இருக்கட்டும். அதாவது, ஸ்கிராப்காரர் சொல்லும் விலையிலிருந்து எண்ணெய், ஈரத்துக்கு அவர் கழிக்கும் எடை, ஏற்றுக்கூலி, எடை மேடைக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவது. காலாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். விலை தாறுமாறாக ஆடும் காலத்தில் மாதம் ஒருமுறை.

நம் ஜாப்புக்குப் பார் விலை கிலோ 600, சீவலின் நிகர விலை 420, கெட்டித் துண்டு 470 என்று வைத்துக்கொள்வோம்.

பொருள் இஷ்யூ: 375.5 கிலோ × 600 = 2,25,300 ரூபாய்.
சீவல் வரவு: 157 கிலோ × 420 = 65,940.
எண்ட் பீஸும் ரிஜெக்ட்டும்: 24 கிலோ × 470 = 11,280.
மொத்த வரவு 77,220. ஜாப்பில் நிற்கும் நிகரப் பொருள் செலவு 1,48,080.

2,000 நல்ல பீஸுக்கு வகுத்தால் ஒன்றுக்கு 74.04 ரூபாய். வரவு வைக்காமல் விட்டிருந்தால் 112.65. மெஷின் செலவு பீஸுக்குச் சுமார் 24, டூல், பேக்கிங் 2 என்று சேர்த்தால் அடக்கம் 100.04. விற்பனை விலை 108. பீஸுக்கு 7.96 லாபம், 2,000 பீஸுக்கு 15,920. முதலாளி பார்த்த கார்டில் அடக்கம் 138.65 என்று இருந்தது, பீஸுக்கு 30.65 நஷ்டம், மொத்தம் 61,300. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 77,220. ஒரு ரூபாய்கூட வேறெங்கும் போகவில்லை.

10 ரிஜெக்ட்டை எண்ட் பீஸோடு சேர்த்து விட்டேனே என்று கேட்கலாம். 2,010-க்கு 10 என்பது அந்த ஜாப்புக்கு எதிர்பார்த்த அளவுக்குள்தான். எதிர்பார்த்த ரிஜெக்ட்டை நல்ல பீஸ்களே சுமக்க வேண்டும். அதன் ஸ்கிராப் மதிப்பு மட்டும் வரவாகும்.

படி 5: என்ட்ரிகள்

சீவல் ஸ்டோருக்கு வரும் அன்று:

```
ஸ்கிராப் ஸ்டாக் க/கு            பற்று   77,220
   ஜாப் 214 - பொருள் செலவு             வரவு   77,220
```

அடுத்த மாதம் விற்கும்போது சந்தை கொஞ்சம் இறங்கி, சீவல் 412-க்குத்தான் போனது. கெட்டித் துண்டு 470-க்கே போனது. 64,684 + 11,280 = 75,964. இதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 13,673.52.

```
ஸ்கிராப் வாங்கியவர் க/கு         பற்று   89,637.52
ஸ்கிராப் விலை வித்தியாசம்       பற்று    1,256.00
   ஸ்கிராப் ஸ்டாக் க/கு                வரவு   77,220.00
   வெளியீட்டு ஜி.எஸ்.டி.               வரவு   13,673.52
```

1,256 ரூபாய் விலை வித்தியாசத்துக்காக மூடிய ஜாப்பைத் திரும்பத் திறக்காதீர்கள். அது சந்தையின் வேலை, ஜாப்பின் வேலை இல்லை. மாதக் கடைசியில் ஓவர்ஹெட்டுக்கு மாற்றிவிடலாம். மாதா மாதம் ஒரே பக்கமாகப் பெரிய தொகை நின்றால் நிர்ணய விலை தப்பு என்று அர்த்தம்.

வங்கியில் வந்த தொகையை அப்படியே ஸ்கிராப் வருமானமாகப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஜி.எஸ்.டி. நம் பணம் இல்லை. ஸ்கிராப் வியாபாரியிடம் வருமான வரிச் சட்டப்படி வசூலிக்கும் டி.சி.எஸ்.-ஸும் நம் பணம் இல்லை; அது பொருந்துமானால் இன்வாய்ஸில் தனியாகச் சேர்த்துத் தனி லெட்ஜரில் வையுங்கள். வாங்குபவர் அதைத் தன் உற்பத்திக்கே பயன்படுத்துகிறார் என்று உறுதிமொழி கொடுத்தால் டி.சி.எஸ். வேண்டாம். மறுபக்கம், 2024 அக்டோபர் 10 முதல் பதிவு பெற்ற ஒருவர் பதிவு பெற்ற இன்னொருவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கும்போது, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.-யில் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார். அவர் குறைத்துக் கொடுத்ததைத் தள்ளுபடி என்று எழுதிவிடாதீர்கள். நம் எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் வந்து சேரும் பணம் அது.

டாலியில் செய்பவர்கள் ஸ்டாக் ஐட்டத்தின் BOM-இல் சீவலை `Scrap` என்ற வகையில் சேர்த்து, `Manufacturing Journal` போடும்போது அதன் விலையைக் கொடுத்தால், முடிந்த பொருளின் மதிப்பிலிருந்து அது தானாகவே கழிந்துவிடும். ஆனால் BOM-இல் எழுதிய எடையை அது அப்படியே நம்பும். ஸ்கிராப் ரிட்டர்ன் சீட்டைப் பார்த்து உண்மை எடையை மாற்றிப் போடுவது நம் வேலை.

கம்பெனியாக இருந்தால் ஆடிட்டர் ஆண்டுக் கணக்கில் ஸ்கிராப் விற்பனையை 'இதர இயக்க வருமானம்' என்று காட்டுவார். அது சரிதான், அதற்காக ஜாப் காஸ்டை மாற்ற வேண்டியதில்லை. காஸ்ட் கணக்குக்கும் நிதிக் கணக்குக்கும் இடையிலான சமரசப் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக வரும், அவ்வளவுதான். ஆனால் கையிருப்புச் சரக்கை மதிப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம், அற்ப மதிப்புள்ள ஸ்கிராப்பின் நிகர விற்பனை மதிப்பைப் பிரதானப் பொருளின் அடக்கத்திலிருந்து கழிக்கும் முறையை ஏற்கிறது. மார்ச் 31-இல் பாதி முடிந்த புஷ்கள் கையிலிருந்தால் அவற்றை 112-இல் மதிப்பிடுவதா 74-இல் மதிப்பிடுவதா என்பது லாபத்தையே நகர்த்தும்.

படி 6: ஓவர்ஹெட்டில் வைப்பதாக இருந்தால்

இரும்புச் சீவலுக்கு வருவோம். மாதம் 1,600 கிலோ கலந்த சீவல், கிலோ 28 ரூபாய், 44,800 ரூபாய். பட்டறையின் மாத ஓவர்ஹெட் 8,00,000, மெஷின் மணி 1,600. ஸ்கிராப்பைக் கழிக்காமல் மணிக்கு 500 ரூபாய். கழித்தால் 7,55,200-ஐ 1,600-ஆல் வகுக்க 472 ரூபாய். மேலே புஷ்ஷுக்கு மூன்று நிமிடத்துக்குச் சுமார் 24 ரூபாய் என்று போட்டது இந்த 472-ஐ வைத்துத்தான்.

கழிக்க வேண்டியது ஆண்டுத் தொடக்கத்தில் மெஷின் ஹவர் ரேட் நிர்ணயிக்கும்போது. ரேட்டை 500-இல் வைத்துவிட்டு, பணம் வரும்போது ஓவர்ஹெட் லெட்ஜரில் வரவு வைத்தால், ஆண்டு முழுக்க ஜாப்களில் கூடுதலாக ஏற்றி, கடைசியில் 'ஓவர் அப்சார்ப்ஷன்' என்று ஒரு தொகை நிற்கும். அந்தக் கூடுதல் ரேட்டில் கோட்டேஷன் கொடுத்து இழந்த ஆர்டர் திரும்பி வராது.

இங்கேதான் பெரிய பொறி. போன வருட ஸ்கிராப் விற்பனை லெட்ஜரைத் திறந்து, மொத்தத் தொகையையும் எடுத்து ஓவர்ஹெட்டிலிருந்து கழித்து ரேட் போட்டுவிடுவார்கள். அதில் பித்தளைப் பணமும் இருக்கும். அப்புறம் பித்தளை ஜாப்பிலும் தனியாக வரவு வைப்பார்கள். ஒரே பணம் இரண்டு முறை. ஜாப்கள் எல்லாம் லாபம் காட்டும், பட்டறையில் மட்டும் பணம் இருக்காது. ஸ்கிராப் விற்பனைக்கு ஆரம்பத்திலேயே இரண்டு லெட்ஜர் திறந்து, 'ஜாப் ஸ்கிராப்', 'பொது ஸ்கிராப்' என்று பெயர் வைத்துவிட்டால் இந்தப் பொறியில் விழ மாட்டீர்கள்.

படி 7: அசாதாரண ரிஜெக்ட்

அதே ஜாப்பில் நைட் ஷிப்டில் டூல் ஆப்செட் தப்பாகப் போட்டு 150 பீஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் சீவலுக்கு ஏற்கெனவே வரவு வைத்தாயிற்று. ஒவ்வொன்றிலும் நிற்கும் அடக்கம் பொருள் 74, மெஷின் 24, ஆக 98 ரூபாய். கெட்டித் துண்டாக விற்றால் 95 கிராமுக்குச் சுமார் 45 ரூபாய் வரும். மிஞ்சுவது பீஸுக்கு 53, மொத்தம் 7,950 ரூபாய். இதை ஜாப்பில் விடக் கூடாது, ஓவர்ஹெட்டிலும் போடக் கூடாது. காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஜாப்பில் விட்டால் அடுத்த கோட்டேஷனுக்கு இந்தக் கார்டைப் பார்ப்பவர் ஒரு ராத்திரித் தூக்கத்தின் விலையைப் பார்ட்டியிடம் கேட்பார். கணக்கியல் தரமும் அசாதாரண விரயத்தைச் சரக்கின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது.

பார்ட்டி கேட்ட டாலரன்ஸ் மிக இறுக்கமாக இருந்ததால் ரிஜெக்ட் கூடியது என்றால் கதை வேறு. அது அந்த ஜாப்பின் குணம்; ஜாப்பே சுமக்கட்டும், அடுத்த ரேட்டிலும் வரட்டும்.

படி 8: பார்ட்டி கொடுத்த மெட்டீரியல்

கூலி வேலைக்குப் பார்ட்டியே பார் அனுப்பினால் சீவல் யாருக்கு என்பதை பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் ரூபாய்க் கணக்கே கிடையாது. கிலோவில் மட்டும் ஒரு ரிஜிஸ்டர், சலானோடு அனுப்பி வைப்பது. இந்தச் சீவல் நம் தொட்டியில் விழுந்து நம் பெயரில் விற்றுப்போனால், ஆறு மாதம் கழித்து அவர்கள் ஸ்டோர்காரர் கிலோ கணக்கோடு வந்து நிற்பார்.

சீவல் நமக்கே என்றால், அதற்காகத்தான் கூலியைக் குறைத்துப் பேசியிருப்பார்கள். ஆகவே அந்தப் பணம் அந்த ஜாப்புக்கே போக வேண்டும். உலோகம் எதுவானாலும் இதை ஓவர்ஹெட்டில் போடாதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆவது பிரிவின்படி, ஜாப் ஒர்க்கில் வரும் கழிவைப் பதிவு பெற்ற ஜாப் ஒர்க்கர் தன் இடத்திலிருந்தே வரி கட்டி விற்கலாம். பதிவு இல்லாதவர் என்றால் மெட்டீரியல் அனுப்பியவர் அதை விற்க வேண்டும்.

படி 9: மாதக் கடைசி ஒத்துப் பார்ப்பு

கிலோவில் முதலில், ரூபாயில் பிறகு. அந்த மாதம் பித்தளைச் சீவல் ஆரம்ப இருப்பு 38 கிலோ. ஜாப் 214-இலிருந்து 157, மற்ற ஜாப்களிலிருந்து 62. மொத்தம் 257. விற்றது 97. இருக்க வேண்டியது 160; டிரம்களை எடை போட்டால் 158. இரண்டு கிலோ எண்ணெய் வடிந்தது என்று விட்டுவிடலாம். 140 என்று வந்திருந்தால் சீட்டு, கேட் பாஸ், எடை மேடை ரசீது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

ரூபாயில் ஒத்துப் பார்க்க ஒரே சமன்பாடு:

```
ஆரம்ப ஸ்கிராப் ஸ்டாக் + ஜாப்களில் வைத்த வரவு + ஓவர்ஹெட்டில் வைத்த வரவு
   = ஜி.எஸ்.டி. நீங்கிய விற்பனை ± விலை வித்தியாசம் + இறுதி ஸ்கிராப் ஸ்டாக்
```

இடப்பக்கம் கூடுதலாக நின்றால் ஏதோ ஒரு பணத்தை இரண்டு முறை வரவு வைத்திருக்கிறோம், அல்லது சீட்டில் இருக்கும் சீவல் டிரம்மில் இல்லை. வலப்பக்கம் கூடுதல் என்றால் விற்ற பணம் எந்த ஜாப்புக்கும் ஓவர்ஹெட்டுக்கும் போகாமல் அந்தரத்தில் நிற்கிறது. எங்கள் பட்டறையில் முதல் முறை இதைப் போட்டபோது வலப்பக்கம்தான் கூடுதல். காரணம் தேடினால், ரிட்டர்ன் சீட்டே எழுதாத ஒரு மெஷின் மூலையில் இருந்தது. அதன் சீவல் ஆறு மாதமாக நேராக டிரம்முக்குப் போய்க்கொண்டிருந்தது.